9 மீட்டர் ட்ரஸ்ஸில் 22 மி.மீ.: ஒரு கசட் தகட்டின் நிகழ்வு ஆய்வு

40 மீட்டர் நீளமுள்ள ஒரு சேமிப்புக் கொட்டகைக்காக நாங்கள் மாடல் செய்த கூரை ட்ரஸ்ஸில் நேர்ந்த ஒரு பிழையையும், அதைத் திருத்த முதலில் செய்த இன்னொரு பிழையையும், கடைசியில் எட்டிய அமைப்பையும் இங்கே பதிவு செய்கிறேன். ட்ரஸ் மிக எளியது. அகலம் 9 மீட்டர், நடு உயரம் 1.8 மீட்டர், 4 மீட்டர் இடைவெளியில் மொத்தம் 11 ட்ரஸ்கள். ராஃப்டர் ஒவ்வொன்றும் நடுவில் ஒரு கணுவால் இரண்டாகவும், பாட்டம் டை இரண்டு கணுக்களால் மூன்று சம பாகங்களாகவும் பிரிகின்றன. கீழ்க்கணு ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு குட்டை ஸ்ட்ரட் ராஃப்டரின் நடுவுக்கும், ஒரு நீண்ட டை உச்சிக்கும் செல்கின்றன. மொத்தம் 7 கணுக்கள், 11 உறுப்புகள். பக்கவாட்டில் பார்த்தால் உள்ளே ஆங்கில எழுத்தான டபிள்யூ போலத் தெரியும் ஃபிங்க் வகை ட்ரஸ் இது.

ராஃப்டரும் பாட்டம் டையும் முதுகோடு முதுகு சேர்ந்த இரட்டை 65 × 65 × 6 ஆங்கிள்கள். ஆங்கிள்கள் இரண்டுக்கும் நடுவே, கணுவில் உறுப்புகளை ஒன்றோடொன்று இணைக்கும் 8 மி.மீ. கசட் தகடு. ஊடு உறுப்புகளான ஸ்ட்ரட்டும் டையும் ஒற்றை 50 × 50 × 6 ஆங்கிள்கள், கசட்டின் ஒரு முகத்தில் மட்டும் அமர்பவை. போல்ட்டுகள் அனைத்தும் 4.6 தரத்து எம்16, துளை 18 மி.மீ. வடிவமைப்புப் பொறியாளர் தந்த கணக்குத்தாளில் ஊடு உறுப்புகளின் அதிகபட்ச விசை, காற்று கூரையை மேலே தூக்கும் நிலையில்கூட, 20 கிலோநியூட்டனைத் தாண்டவில்லை. ஓர் எம்16 போல்ட் ஒற்றை வெட்டுத் தளத்தில் ஏறத்தாழ 29 கிலோநியூட்டன் தாங்கும். இருந்தும் முனைக்கு இரண்டு போல்ட் என்ற வழக்கப்படி இரண்டு வைத்தோம். ஆகவே வலிமை குறித்து யாருக்கும் கவலை இருக்கவில்லை. கவலையில்லாத இடம் என்பதாலேயே துளை மையத்திலிருந்து விளிம்பு வரையுள்ள விளிம்புத் தூரத்தை யாரும் அளந்து பார்க்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது.

மாடலைத் தொடங்கும்போது முதலில் முடிவு செய்ய வேண்டியது, கணுவுக்குக் கணு இழுக்கும் அச்சுக்கோடு ஆங்கிளின் எந்த இடத்தைக் குறிக்கிறது என்பது. கணக்குப்படி அது ஆங்கிளின் ஈர்ப்பு மையக் கோடாக இருக்க வேண்டும். 65 ஆங்கிளில் அது முதுகிலிருந்து, அதாவது இரு கால்களும் சேரும் மூலைப் பக்கத்திலிருந்து, சுமார் 18 மி.மீ. தொலைவில் உள்ளது. சிறிய போல்ட் ட்ரஸ்களிலோ துளைகள் வரிசையாக நிற்கும் கேஜ் கோட்டையே அச்சுக்கோடாகக் கொள்வது பட்டறை வழக்கம். 65 ஆங்கிளில் அது முதுகிலிருந்து 35 மி.மீ. இரண்டுக்கும் இடையே உள்ள 17 மி.மீ. விலகல் சிறிய வளைவு விளைவை உண்டாக்கும் என்பதால் அதைப் பொறியாளரிடம் கேட்டு எழுத்தில் பெற்றோம். எல்லா உறுப்புகளுக்கும் கேஜ் கோடே அச்சுக்கோடு என்று அவர் ஒப்புக்கொண்டார். ஒரே ட்ரஸ்ஸில் சில உறுப்புகளை மையக் கோட்டிலும் சிலவற்றைக் கேஜ் கோட்டிலும் வைத்துவிட்டால், திரையில் எல்லாம் ஒரு புள்ளியில் சந்திப்பதுபோலத் தெரிந்தாலும் துளைகள் சந்திக்காது. இந்த ஒரு விஷயத்தில் நாங்கள் தொடக்கத்திலேயே கவனமாக இருந்ததால், பின்னால் வந்த திருத்தம் முழு ட்ரஸ்ஸையும் அசைக்காமல் முடிந்தது.

பிழை இருந்தது ஊடு உறுப்புகளில். எங்கள் அலுவலகத்தில் புழங்கும் கேஜ் பட்டியலில் 50 மி.மீ. காலுக்கு 28, 65-க்கு 35, 75-க்கு 40 என்று போட்டிருக்கும். மாடல் செய்தவர் 50 ஆங்கிளுக்கு 28 என்று எடுத்து, கசட்டில் 18 மி.மீ. துளைகளை வைத்தார். பட்டியலைப் பின்பற்றியதில் அவர்மீது குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பட்டியல் காலின் அகலத்தை மட்டுமே பார்க்கிறது. எந்த போல்ட் என்று அது கேட்பதில்லை. 50-லிருந்து 28 போனால் துளை மையத்திலிருந்து கால் நுனிக்கு எஞ்சுவது 22 மி.மீ. ஐஎஸ் 800:2007 தரநிலையின் 10.2.4.2 பிரிவு கேட்கும் குறைந்தபட்ச விளிம்புத் தூரம், ஆலையில் உருட்டப்பட்ட விளிம்புக்கும் ரம்பத்தாலோ இயந்திர கேஸ் கட்டிங்காலோ வெட்டிய விளிம்புக்கும் துளை விட்டத்தில் 1.5 மடங்கு; ஷியரிங் இயந்திரத்தில் கத்தரித்த விளிம்புக்கும் கையால் கேஸ் கட்டிங் செய்த விளிம்புக்கும் 1.7 மடங்கு. மடங்கு எடுக்க வேண்டியது துளையின் விட்டத்தை, போல்ட்டின் விட்டத்தை அல்ல. 18 மி.மீ. துளைக்கு இவை முறையே 27 மி.மீ., 30.6 மி.மீ. கால் நுனி உருட்டிய விளிம்பு என்பதால் அங்கே 27 வேண்டும். இருந்தது 22.

இந்த இரு எண்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒரே ஆங்கிளில் இரண்டும் வேலை செய்கின்றன. கால் நுனி உருட்டிய விளிம்பு, அதற்கு 27. ஆங்கிளின் முனை கத்தரித்து வெட்டப்பட்டால் அதற்கு 30.6, ரம்பத்தில் அறுத்தால் அங்கும் 27 போதும். கசட் தகடும் அப்படித்தான். ஆக, விளிம்புத் தூரம் என்ன என்ற கேள்விக்குப் பட்டறையில் எந்த இயந்திரம் இருக்கிறது என்று தெரியாமல் விடை சொல்ல முடியாது. எங்கள் வரைபடத்தில் வெட்டும் முறை பற்றி ஒரு வரிகூட இல்லை. பட்டறையில் கேட்டபோது ஆங்கிளையும் தகட்டையும் ஷியரிங்கில்தான் வெட்டுகிறோம் என்றார்கள். அந்தப் பதிலை மாடலைத் தொடங்கும் முன்பே வாங்கியிருக்க வேண்டும்.

முதல் ட்ரஸ் பட்டறைத் தரையில் படுக்க வைத்துச் சோதனையாகச் சேர்க்கப்பட்டிருந்தபோதுதான் இது பிடிபட்டது. வெறும் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. வாஷர்கள் சரியாக அமர்ந்திருந்தன, துளைகள் ஒன்றோடொன்று பொருந்தின. சோதிக்க வந்த பொறியாளர் போல்ட்டைக் கழற்றி, துளையின் ஓரத்திலிருந்து கால் நுனி வரை வெர்னியரை வைத்தார். 13 மி.மீ. உலோகம் இருந்தது, 18 இருக்க வேண்டும். எல்லா ஊடு உறுப்புகளிலும், எல்லாத் துளைகளிலும் அதே 13.

அன்று மாலையே நாங்கள் ஒரு திருத்தம் அனுப்பினோம், அது தவறான திருத்தம். கால் நுனிக்கு 27 வேண்டுமென்றால் கேஜ் 50 - 27 = 23 என்று ஆக்கினால் போயிற்று என்று எண்ணி, 50 ஆங்கிளின் கேஜ் கோட்டை 28-லிருந்து 23-க்கு நகர்த்தினோம். மாடலில் எந்த மோதலும் காட்டவில்லை. பட்டறையில் ஒரு மாதிரித் துண்டில் துளையிட்டுப் பார்த்த ஃபோர்மேன் மறுநாள் காலை எங்கள் டீடெய்லரை அழைத்தார். "தம்பி, வாஷர் உட்கார மாட்டேங்குது, வந்து பாருங்க" என்றார். எம்16 வாஷரின் வெளி விட்டம் 30 மி.மீ. துளை மையம் முதுகிலிருந்து 23-ல் இருந்தால் வாஷரின் ஓரம் முதுகிலிருந்து 8-ல் வந்து நிற்கும். ஆனால் ஆங்கிளின் மற்றொரு காலின் தடிமன் 6, அதன்பின் உள்மூலை வளைவு சுமார் 6; ஆக தட்டையான பரப்பு தொடங்குவதே 12-ல்தான். வாஷர் 4 மி.மீ. அளவுக்கு அந்த வளைவின்மேல் ஏறிச் சாய்ந்து நின்றது. நட்டை இறுக்கியதும் வாஷரின் மேல் ஓரம் கண்ணெதிரே வளைந்தது. ஒரு பக்கம் நட்டுக்கும் வாஷருக்கும் இடையே வெளிச்சம் தெரிந்தது. விரல் நுனியால் தடவினாலே அந்தச் சாய்வு தெரியும்.

இதிலிருந்து கிடைத்த தெளிவு இதுதான்: 50 × 50 × 6 ஆங்கிளில் எம்16 போல்ட்டுக்கு இடமே இல்லை. வாஷர் தட்டையாக அமரத் துளை மையம் முதுகிலிருந்து குறைந்தது 12 + 15 = 27-ல் இருக்க வேண்டும்; கால் நுனிக்கு 27 விட அது அதிகபட்சம் 23-ல் இருக்க வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று தாண்டிவிடுகின்றன. கேஜை எந்தப் பக்கம் நகர்த்தினாலும் தீராது. ஒன்று போல்ட்டைச் சிறிதாக்க வேண்டும், அல்லது ஆங்கிளைப் பெரிதாக்க வேண்டும்.

போல்ட்டைச் சிறிதாக்குவது கணக்கில் செல்லும். எம்12-க்குத் துளை 13 மி.மீ.; 1.5 மடங்கு 19.5, இருக்கும் 22 போதும். வாஷர் 24 மி.மீ. என்பதால் வளைவிலும் ஏறாது. இரண்டு எம்12 போல்ட்டுகள் ஏறத்தாழ 31 கிலோநியூட்டன் தாங்கும், தேவை 20-க்கும் கீழே. ஆனாலும் பொறியாளர் அதை ஏற்கவில்லை. அவர் முடிவு சரியென்றே நானும் கருதுகிறேன். ஒரே கசட்டில் பாட்டம் டைக்கு 18 மி.மீ. துளைகளும் ஊடு உறுப்புகளுக்கு 13 மி.மீ. துளைகளும் இருந்தால், டிரில் போடுபவர் ஒரு பிட்டை மாற்ற மறந்தாலே போதும். பின்னர் சைட்டில் 18 மி.மீ. துளைக்குள் எம்12 போல்ட் ஆடிக்கொண்டு நிற்கும், மேலே வாஷர் மூடியிருப்பதால் யாருக்கும் தெரியாது. ஊடு உறுப்புகளையும் 65 × 65 × 6 ஆக மாற்றினால் கேஜ் 35, கால் நுனிக்கு 30, வாஷரின் ஓரம் முதுகிலிருந்து 20. எல்லாம் பொருந்துகிறது. விலை என்னவென்றால், மீட்டருக்கு 4.5 கிலோ இருந்த இடத்தில் 5.8 கிலோ. ட்ரஸ் ஒன்றுக்கு ஊடு உறுப்புகளின் மொத்த நீளம் ஏறத்தாழ 7 மீட்டர் என்பதால் கூடுதல் எடை சுமார் 9 கிலோ. 11 ட்ரஸ்களுக்கு 100 கிலோ. பதிலுக்கு முழு வேலையிலும் ஒரே ஆங்கிள், ஒரே போல்ட், ஒரே டிரில் பிட்.

நேர்மையாகச் சொல்வதானால், இந்த ட்ரஸ்ஸில் 22 மி.மீ. விளிம்பு உடனே கிழிந்திருக்காது. விசை அவ்வளவு சிறியது. ஆனால் 22 என்பது வரைபடத்தில் உள்ள எண். சென்டர் பஞ்ச் 2 மி.மீ. நகர்ந்தால் அது 20 ஆகும், அதை ஒப்பிட்டுச் சொல்ல எந்த வரம்பும் மீதி இருக்காது. தரநிலையின் குறைந்தபட்சத்துக்கு மேலே 3 மி.மீ. வைத்து மாடல் செய்தால்தான் பட்டறையின் சாதாரணப் பிசகை அது உள்வாங்கும். 65 ஆங்கிளில் கிடைத்த 30 அப்படிப்பட்டது.

ஆங்கிளை மாற்றும்போது கசட்டையும் மறுபடி வரைய வேண்டியிருந்தது. அப்போதுதான் இரண்டாவது பிழை வெளிப்பட்டது. பழைய மாடலில் கசட்டின் மேல் விளிம்பு பாட்டம் டைக்கு இணையாகக் கிடைமட்டமாக ஓடியது. கடைசித் துளையிலிருந்து உறுப்பின் கோட்டிலேயே 35 மி.மீ. அளந்து, அங்கே தகட்டின் விளிம்பை நிறுத்தியிருந்தார்கள். வரைபடத்தில் 35 என்று அளவு போட்டிருந்ததால் பார்த்தவர்கள் எல்லாரும் 30.6-க்கு மேலே இருக்கிறது என்று கடந்துவிட்டார்கள். ஆனால் விளிம்புத் தூரம் என்பது துளை மையத்திலிருந்து விளிம்புக்கு உள்ள மிகக் குறுகிய தூரம், அதாவது செங்குத்துத் தூரம். உறுப்பு சாய்ந்து, விளிம்பு சாயாமல் இருந்தால் இரண்டும் ஒன்றல்ல. உறுப்பின் கோட்டில் அளந்த தூரம் `a`, கோட்டுக்கும் விளிம்புக்கும் உள்ள கோணம் `θ` என்றால்:

```
e = a × sin θ
```

இந்த ட்ரஸ்ஸில் கீழ்க்கணு ஆதாரத்திலிருந்து 3000-ல். ஸ்ட்ரட் அங்கிருந்து 750 இடப்பக்கம், 900 மேலே செல்கிறது. டை 1500 வலப்பக்கம், 1800 மேலே செல்கிறது. இரண்டின் சாய்வும் ஒன்றே, 50.2 பாகை. அதன் சைன் 0.768. ஆகவே 35 என்று எழுதப்பட்ட இடத்தில் உண்மையில் இருந்தது 35 × 0.768 = 26.9 மி.மீ. கத்தரித்த விளிம்புக்கு 30.6 வேண்டும், இயந்திர கேஸ் கட்டிங்குக்கான 27-ஐக்கூட இது எட்டவில்லை. சரியாக வர உறுப்பின் கோட்டில் 30.6 ÷ 0.768, அதாவது 40 மி.மீ. விட்டிருக்க வேண்டும். முதல் ட்ரஸ்ஸின் கசட்டில் வெர்னியரை விளிம்புக்குச் செங்குத்தாக வைத்தபோது துளை ஓரத்திலிருந்து 18 மி.மீ.தான் காட்டியது, சாய்ந்த உறுப்பின் வழியே வைத்தால் 26 காட்டியது. பட்டறையில் உறுப்பின் திசையில் டேப்பை வைத்துச் சரிபார்த்த எவருக்கும் இந்தப் பிழை சிக்கியிருக்காது.

அதனால் இரண்டாம் முறை மாடல் செய்தபோது வரிசையையே மாற்றினோம். கசட்டை முன்னால் வரைந்து அதற்குள் துளைகளை வைக்கும் பழக்கத்தை விட்டு, துளைகளை முதலில் நிறுத்தி, ஒவ்வொரு துளை மையத்தையும் சுற்றி 31 மி.மீ. ஆரத்தில் ஒரு வழிகாட்டி வட்டம் வரைந்து, எல்லா வட்டங்களும் உள்ளே அடங்குமாறு கடைசியில் தகட்டின் விளிம்பைப் போட்டோம். வட்டத்தை எந்த விளிம்பாவது வெட்டினால் அது எந்தக் கோணத்தில் வந்தாலும் தவறு என்று திரையிலேயே தெரிந்துவிடும். செங்குத்தா, சாய்வா என்ற குழப்பமே எழாது.

கீழ்க்கணுவில் அது இப்படி அமைந்தது. பாட்டம் டையின் முதுகு கீழே, கால் நுனி மேலே. அச்சுக்கோட்டிலிருந்து கால் நுனி 30 மி.மீ. உயரத்தில் இருக்கும். ஊடு உறுப்பும் அதே முகத்தில் அமர்வதால் அதன் முனை கால் நுனியிலிருந்து 10 மி.மீ. விலகி நிற்க வேண்டும், அதாவது அச்சுக்கோட்டிலிருந்து 40. நேராக வெட்டிய முனையில் மிகத் தாழ்ந்த புள்ளி அதன் கீழ் மூலை. முதுகு கீழ்ப்பக்கம் திரும்பியிருந்தால் அந்த மூலை கேஜ் கோட்டிலிருந்து 35 விலகி, 22 மி.மீ. தாழ்ந்து நிற்கும். அதையும் சேர்த்துக் கணக்கிட்டால் உறுப்பு கணுவிலிருந்து கோட்டின் வழியே 81 மி.மீ. தள்ளித்தான் தொடங்க முடியும். 85 என்று வைத்தோம். அங்கிருந்து 35 தள்ளி, 120-ல் முதல் துளை. இங்கே முனை கோட்டுக்குச் செங்குத்தாக வெட்டப்பட்டிருப்பதால் 35 என்பது மெய்யாகவே 35. எம்16-க்குத் துளைக்குத் துளை குறைந்தபட்ச இடைவெளி போல்ட் விட்டத்தில் 2.5 மடங்கு, 40 மி.மீ.; ஸ்பானர் திரும்பவும் இடம் வேண்டும் என்பதால் 50 வைத்து, 170-ல் இரண்டாவது துளை. அந்தத் துளை அச்சுக்கோட்டிலிருந்து 131 உயரத்திலும் கணுவிலிருந்து பக்கவாட்டில் 109 தொலைவிலும் வருகிறது. இரண்டோடும் 31 கூட்டினால் தகடு மேலே 162, பக்கங்களில் 140 வரை போக வேண்டும். 165, 145 என்று முழு எண்ணாக்கினோம்.

தகட்டின் கீழ் விளிம்பில் ஒரு நுணுக்கம் இருந்தது. இரண்டு ஆங்கிள்களுக்கும் நடுவே செருகிய தகடு முதுகுக்குக் கீழே துருத்தாமல் இருக்க, அதை முதுகிலிருந்து சற்று உள்ளே இழுப்பது வழக்கம். எங்கள் மாடலில் அது 5 மி.மீ. என்று முன்பே போடப்பட்டிருந்தது. கேஜ் 35-லிருந்து 5 போனால் 30. கத்தரித்த விளிம்புக்கு 0.6 குறை. வழிகாட்டி வட்டம் கீழ் விளிம்பை ஒரு மயிரிழை தாண்டியதைப் பார்த்துத்தான் இதைக் கண்டோம். 3 மி.மீ. ஆக்கியதும் 32 கிடைத்தது. முடிவில் தகடு 290 × 197 மி.மீ. செவ்வகம். பழைய தகட்டில் உறுப்புகளின் ஓரத்துக்கு இணையாக மூலைகளைச் சாய்த்து அழகாக வெட்டியிருந்தார்கள். அவ்வாறு சாய்க்கும் ஒவ்வொரு வெட்டும் ஏதோ ஒரு துளையை நெருங்குகிறது, ஷியரிங்கில் கூடுதலாக ஒரு வெட்டும் ஆகிறது. செவ்வகமே போதும் என்று விட்டோம்.

ஆதாரக் கணுவின் கசட் இதைவிட நீண்டது. அதற்குக் காரணம் கோணம் சிறியது என்பதுதான். ராஃப்டரும் பாட்டம் டையும் 21.8 பாகையில் சந்திக்கின்றன. ராஃப்டரின் கால் நுனி கீழே, டையின் கால் நுனி மேலே. இரண்டும் இடிக்காமல் 10 மி.மீ. விலக, ராஃப்டர் கணுவிலிருந்து சுமார் 183 மி.மீ. தள்ளித்தான் தொடங்க முடியும். முதல் துளையே 220-க்கு அருகில் விழுகிறது. தகடு பெரிதாகத் தெரிகிறதே என்று முனையை நெருக்கிக் குறைக்கப் பார்க்கும் ஆசை இங்குதான் அதிகம் வரும். குறைத்தால் குறைவது ஆங்கிளின் முனைத் தூரமோ, ஆங்கிள்களுக்கு இடையேயான விலகலோதான். உச்சிக் கணுவிலும் ராஃப்டர் நடுக்கணுவிலும் கோணங்கள் பெரியவை. வட்ட முறையில் அவை எந்தச் சிக்கலும் இன்றி முடிந்தன.

இவ்வளவும் மென்பொருள் ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி நியாயமானது. நாங்கள் பயன்படுத்தியது டெக்லா ஸ்ட்ரக்சர்ஸ். அதில் ஆயத்த இணைப்புக் கூறு ஒன்றைப் போட்டால், விளிம்புத் தூரம் அமைப்பில் தந்த அளவுக்குக் குறையும்போது இணைப்பின் கூம்புக் குறி மஞ்சளாகும். ஆனால் இந்த ட்ரஸ்ஸின் கசட்டுகள் கையால் மூலை மூலையாக வரைந்த தகடுகள், போல்ட்டுகளும் கையால் வைத்தவை. அவற்றுக்குக் கூம்பும் இல்லை, நிறமும் இல்லை. மோதல் சோதனை ஒன்றுக்குள் ஒன்று புகுந்திருக்கிறதா என்று மட்டுமே பார்க்கும். விளிம்பில் எவ்வளவு உலோகம் மீதி என்று பார்க்காது. கூறுகளைப் பயன்படுத்தும் இடத்திலும் அமைப்பில் உள்ள மடங்கு போல்ட் விட்டத்தோடு ஒப்பிடப்படுகிறதா, துளை விட்டத்தோடா என்று பார்த்தாக வேண்டும். 1.5 மடங்கு என்று வைத்து போல்ட் விட்டத்தோடு ஒப்பிட்டால் எல்லை 24. தரநிலை கேட்பதோ 27. இடைப்பட்ட 3 மி.மீ. முழுவதும் பச்சையாகவே தெரியும். நாங்கள் துளை விட்டம் என்று மாற்றி, எங்கள் பட்டறையின் ஷியரிங்குக்கு ஏற்ப 1.7 என்று வைத்துக்கொண்டோம்.

திருத்திய வரைபடம் பட்டறைக்குப் போகும் முன் அதில் இரண்டு குறிப்புகள் சேர்க்கப்பட்டன. ஒன்று, தகடும் ஆங்கிள் முனையும் கத்தரித்தே வெட்டப்படும், எந்தத் துளை மையத்திலிருந்தும் எந்த வெட்டு விளிம்புக்கும் செங்குத்தாக 31 மி.மீ.க்குக் குறையக் கூடாது என்பது. மற்றொன்று, 65 ஆங்கிளின் கேஜ் முதுகிலிருந்து 35 என்பது. கால் நுனியிலிருந்து அளக்க வேண்டாம் என்றும் எழுதினோம், ஏனெனில் ஆலையிலிருந்து வரும் ஆங்கிளின் கால் அகலம் ஓரிரு மில்லிமீட்டர் கூடியும் குறைந்தும் இருக்கும். முதல் ட்ரஸ்ஸின் நான்கு ஊடு உறுப்புகளும் அவற்றின் கசட்டுகளும் கழிக்கப்பட்டன. புதிய கசட்டில் ஃபோர்மேன் வெர்னியரை விளிம்புக்குச் செங்குத்தாக வைத்து, துளை ஓரத்திலிருந்து மேல் விளிம்பு வரை 25 என்று படித்துக் காட்டினார். துளையின் பாதி 9-ஐச் சேர்த்தால் 34. மாடலிலும் அதே 34 இருந்தது.